பூனை நூல் விழுங்கிவிட்டதா? நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள்

பூனையின் வாயோரத்திலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்ததும் கை தானாக அதைப் பிடிக்கப் போகும். பிடிக்காதீர்கள். வெளியே தெரிவது இரண்டு அங்குலம்தான் என்றாலும் உள்ளே எவ்வளவு நீளம் கிடக்கிறது, அது எங்கே சிக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. நூல் விழுங்கிய பூனைக்கு வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யக்கூடாதவைதான் அதிகம்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் ஒரு முனையை முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டு மறுமுனையை இழுத்தால் துணி முழுவதும் சுருக்கம் சுருக்கமாக நாடாமேல் ஏறிக்கொள்ளும். பூனையின் குடலிலும் இதேதான் நடக்கிறது. நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது நாக்கின் அடிப்பாகம், இல்லையென்றால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் குறுகலான வாசல். மீதி நூல் குடலுக்குள் இறங்கிவிடும். குடல் தன் வழக்கப்படி அலை அலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளப் பார்க்கும். மேல்முனை கட்டுண்டிருப்பதால் நூல் நகராது. நூலுக்குப் பதில் குடல்தான் நூலின்மேல் ஏறி, கொசுவம் வைத்ததுபோல மடிந்துகொண்டே போகும்.

இந்த மடிப்புகளால் பாதை அடைபடுவது முதல் சிக்கல். அதைவிட மோசமானது, விறைத்து நிற்கும் நூல் ஒவ்வொரு மடிப்பின் உள்வளைவிலும் அழுந்தி நிற்பது. குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால் நூல் அந்த இடங்களில் ரம்பம்போல அறுக்கிறது. குடலை முதுகுப்பக்கத்தோடு பிணைத்திருக்கும் சவ்வு ஒட்டியிருக்கும் ஓரத்தில்தான் இந்த அறுப்பு விழும். ஒரே நூல் பல இடங்களில் ஓட்டை போட்டுவிடும். ஓட்டை வழியாகக் குடலில் உள்ளது வயிற்றறைக்குள் கசிந்தால் உள்ளே சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

நீங்கள் வெளியிலிருந்து நுனியை இழுக்கும்போது, குடல் மணிக்கணக்கில் செய்யும் அறுப்பை ஒரே நொடியில் செய்துவிடுகிறீர்கள். அதுவும் எல்லா மடிப்புகளிலும் ஒரே சமயத்தில். சில சமயம் நூல் பாதியில் அறுந்து வந்துவிடும். முழுதும் வந்துவிட்டது என்ற நிம்மதியில் இரண்டு நாள் கழியும். உள்ளே இருக்கும் பாதி தன் வேலையைத் தொடரும்.

துப்பினால் போகாதா?

போகாது. பூனை நம் கையை நக்கும்போது உப்புத்தாள் உரசுவதுபோல் இருக்குமே, அதற்குக் காரணம் நாக்கில் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும் சிறு முட்கள். நூல் அவற்றில் ஒட்டினால் உள்ளே போகும் திசையில் மட்டும்தான் நகரும். விளையாட்டாக மெல்லத் தொடங்கிய பூனை நினைத்தாலும் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போவது இதனால்தான்.

நம் வீடுகளில் இதற்குப் பொருள்களுக்குக் குறைவில்லை. தையல் நூல், பூக்கட்டும் நூல், பட்டம் விடும் நூல், பரிசுப் பொட்டலத்து ரிப்பன், பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல், புடவைத் தலைப்பின் குஞ்சம், குச்சியில் கட்டிய பூனை பொம்மையின் கயிறு எல்லாமே ஆபத்துதான். நாய்க்குட்டி கடித்தால் பொம்மை கிழியும், பூனை கடித்தால் கயிறு காணாமல் போகும். பலர் யோசிக்காதது ஹோட்டல் பார்சல் கட்டி வரும் வெள்ளை நூல். பிரியாணி, மீன் குழம்பு வாசனை அதில் ஊறியிருக்கும். மற்ற நூலைப் பூனை விளையாட்டாகக் கடிக்கும். இதைச் சாப்பாடு என்றே நினைத்துத் தின்னும்.

ஒரு வழக்கமான நிகழ்வு, நாள் வாரியாக

நான்கு கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுப் பூனை. சனிக்கிழமை இரவு பார்சல் சாப்பாடு வருகிறது, பிரித்த நூல் மூடியில்லாத குப்பைக்கூடைக்குப் போகிறது. நள்ளிரவில் பூனை அதை எடுத்து மென்று விழுங்குகிறது. யாரும் பார்க்கவில்லை. நூல் சுமார் 60 செ.மீ.; ஒரு வளையம் நாக்குக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது.

ஞாயிறு காலை பூனை பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறது. மதியம் அதை அப்படியே கக்குகிறது. வீட்டில், “முடி உருண்டையாக இருக்கும்” என்கிறார்கள். இரவுக்குள் இன்னும் இரண்டு முறை வாந்தி. இப்போது சாப்பாடு எதுவுமில்லை, வெள்ளை நுரையும் மஞ்சள் தண்ணீரும்தான். டாக்டரிடம் போக வேண்டிய நேரம் இதுதான். இந்தக் கட்டத்தில் குடல் மடியத் தொடங்கியிருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஓட்டை விழுந்திருக்காது.

போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை பூனை கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மீன் காட்டினாலும் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தண்ணீர் குடிக்கிறது, பத்து நிமிடத்தில் கக்குகிறது. மலம் வரவில்லை, அதனால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வயிற்றைத் தொட்டால் உறுமுகிறது, முதுகைக் கூனி உட்காருகிறது. அன்று மாலை வாந்தி நின்றுவிடுகிறது. தேறிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் காது குளிர்ந்து, தூக்கினால் துணிபோலத் துவண்டு கிடந்தால் அது தேறுவதல்ல. குடல் ஓட்டையாகி உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது என்று அர்த்தம்.

எல்லாப் பூனைக்கும் இதே கால அளவு இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வாரம்வரை லேசான வாந்தியும் பசியின்மையும் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். ஆனால் அறிகுறிகளின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

முடி உருண்டையோடு இதைக் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். முடி உருண்டை என்றால் கழுத்தை நீட்டிச் சில முறை குமட்டி, விரல்போல நீண்ட முடிச்சுருளைக் கக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் பூனை சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை கக்கி, சாப்பாட்டையும் மறுத்தால் அதை முடி உருண்டைக் கணக்கில் எழுதாதீர்கள்.

விழுங்கியது தெரிந்தால், அல்லது சந்தேகம் வந்தால்

முதலில் மிச்சம் இருக்கும் நூலைப் பூனைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நீளம் போயிருக்கும், ஊசி கோத்திருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். தையல் வேலை நடந்த இடம் என்றால் ஊசிகளை எண்ணிப் பாருங்கள். அதே நூலில் ஒரு துண்டை ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் காட்ட எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியா, நைலானா, மாஞ்சா தடவியதா என்பது அவருக்கு உதவும்.

அடுத்து வாயைப் பாருங்கள், ஆனால் பூனை அனுமதித்தால் மட்டும். பூனையை ஒரு துண்டில் கழுத்துவரை சுற்றி, முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தலையை மேலிருந்து, இரண்டு பக்கக் கன்ன எலும்பையும் பிடித்து, மூக்கு மேலே பார்க்கும்படி லேசாகச் சாயுங்கள். மறுகையின் நடுவிரலால் கீழ்த்தாடையின் முன்பற்களைக் கீழே அழுத்துங்கள், வாய் திறக்கும். அதே கையின் கட்டைவிரலால் தாடைக்கு அடியில், இரண்டு தாடை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற இடத்தை மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு மேலெழும். இன்னொருவர் டார்ச் அடிக்க வேண்டும். நாக்கின் அடியில் நடுவே தெரியும் மெல்லிய தசைநாரைச் சுற்றி நூல் கிடக்கிறதா, அல்லது சிவந்த கீறல்போல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிரு நாள் ஆகியிருந்தால் நூல் சதைக்குள் புதைந்து, கோடு மட்டும்தான் தெரியும். பத்து விநாடிக்குமேல் போராட வேண்டாம். வலியிலிருக்கும் பூனை கடிக்கும், பூனைக்கடி எளிதில் சீழ் பிடிக்கும்.

எதுவும் தெரியவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூல் இரைப்பை வாசலில் மாட்டியிருந்தால் வாய் சுத்தமாகத்தான் இருக்கும். நாக்கில் மாட்டியிருந்தாலும் மயக்க மருந்து கொடுத்த பிறகே பல சமயம் கண்ணில் படும்.

நூல் தெரிந்தால் என்ன செய்வது? இரண்டு முனைகளும் வாய்க்குள்ளேயே கண்முன் தெரிந்து, நூல் நாக்கின்மேல் சும்மா கிடந்தால் மட்டும் எடுத்துவிடலாம். ஒரு முனையாவது தொண்டைக்குள் போய் மறைந்தால் தொடாதீர்கள். அதை வெட்டவும் வேண்டாம். வெட்டினால் மிச்ச முனையையும் பூனை விழுங்கிவிடும். நூல் எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு இருக்கும் ஒரே அடையாளமும் அதோடு போய்விடும். சில சமயம் டாக்டரே நாக்கடியில் நூலை வெட்டிவிட்டுப் பூனையைக் கண்காணிப்பில் வைப்பது உண்டு. விழுங்கிய உடனே வந்த, குடலில் பாதிப்பு தெரியாத பூனைக்கு, தேவைப்பட்டால் அப்போதே அறுவை சிகிச்சை செய்யும் வசதியோடு அவர் எடுக்கும் முடிவு அது. வீட்டில் செய்வதற்கில்லை.

ஆசனவாயில் தொங்கும் நூலுக்குக் கொஞ்சம் வேறு கணக்கு. இழுக்கக்கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் நீளமாகத் தொங்கித் தரையில் இழுபட்டால் பூனையே அதை மிதித்தோ, நக்கிக் கடித்தோ இழுத்துவிடும். அப்படியிருந்தால் மட்டும், முனையைக் கையால் இழுக்காமல், வெளியே இரண்டு மூன்று அங்குலம் விட்டுவிட்டுக் கத்தரியால் மீதியை வெட்டிவிடலாம். கழுத்துக் கூம்பு இருந்தால் போட்டுவிடுங்கள்.

சாப்பாடு, மருந்து, கைவைத்தியம்

டாக்டர் பார்க்கும்வரை சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. இருக்கும் அடைப்புக்குமேல் சோறு போய்ச் சேர்ந்தால் வாந்திதான் கூடும்.

வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் ஊற்றாதீர்கள். உப்பு பூனையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்புவரை கொண்டுபோகும். பெராக்சைடு பூனையின் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். நூல் விஷயத்தில் வாந்தியே ஆபத்து என்பது தனி. கீழே பாதி இறங்கிவிட்ட நூலை மேலே இழுப்பதும் கையால் இழுப்பதும் ஒன்றுதான்.

விளக்கெண்ணெய், பேதி மருந்து, வாழைப்பழம் கொடுத்து ‘வழுக்கி வெளியே தள்ள’ நினைப்பதும் தவறு. பேதி மருந்து குடலை இன்னும் வேகமாகச் சுருங்க வைக்கும். கட்டுண்ட நூலின்மேல் குடல் வேகமாகச் சுருங்கினால் அறுப்பும் வேகமாகும். எண்ணெயை வாயில் ஊற்றினால் வாந்தி எடுக்கும் பூனைக்கு அது நுரையீரலுக்குள் போகும் அபாயமும் இருக்கிறது.

வலிக்கு பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. அரை மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். நூலிலிருந்து பிழைத்திருக்க வேண்டிய பூனை மாத்திரையால் செத்துப்போன கதையாகிவிடும்.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது

நூல் விழுங்கியதைக் கண்ணால் பார்த்தாலே அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். பூனை ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும்தான். விழுங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் நூல் இரைப்பையிலேயே இருக்க வாய்ப்புண்டு. எண்டோஸ்கோப்பி வசதி இருக்கும் இடத்தில் வயிற்றைக் கிழிக்காமலே எடுத்துவிடலாம். குடலுக்குள் இறங்கிவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்:

- வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிவது. நூலில் ஊசி கோத்திருந்தது என்ற சந்தேகம்
- சில மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று முறை வாந்தி, அல்லது குடித்த தண்ணீரும் தங்காமல் போவது
- வயிற்றைத் தொட விடாமல் உறுமுவது, கூனி உட்காருவது, எச்சில் ஒழுகுவது, முன்காலால் வாயைச் சுரண்டுவது
- ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது
- வாந்தியிலோ மலத்திலோ ரத்தம்
- துவண்டு கிடப்பது, காதும் பாதமும் குளிர்ந்திருப்பது, ஈறு வெளுத்திருப்பது

ஈற்றைப் பார்ப்பது எளிது. மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே உள்ள ஈற்றில் விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்குமேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஈறு ஈரமில்லாமல் விரலில் ஒட்டினால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால், பூனைக்கு இயல்பான உடல்சூடு சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 100.5 முதல் 102.5 பாரன்ஹீட். காய்ச்சல் மட்டும் கெட்ட அறிகுறி அல்ல. 37.5 டிகிரிக்குக் கீழே இறங்குவது அதைவிடக் கெட்டது. ஆசனவாயில் நூல் தொங்கினால் அங்கே தெர்மாமீட்டர் வைக்காதீர்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

கிளம்புவதற்குமுன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் இருக்கிறதா? பூனைக்கு மயக்கம் கொடுத்து வயிற்று அறுவை சிகிச்சை செய்வார்களா? இன்று டாக்டர் இருக்கிறாரா? ஊசி போட்டு அனுப்பும் கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு வேறு இடத்துக்கு ஓடும் அலைச்சல் இதனால் மிச்சம். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கூண்டு இல்லையென்றால் காற்றோட்டமுள்ள மூடிபோட்ட கூடை போதும். உள்ளே துண்டு விரியுங்கள். வயிறு அழுந்தும்படி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பைக்கில் போக வேண்டாம்.

டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது குடல் ஒரே இடத்தில் கொத்தாகத் திரண்டிருப்பது பல சமயம் கையிலேயே தெரியும். எக்ஸ்ரேயில் ஊசி பளிச்சென்று தெரியும், ஆனால் நூல் தெரியாது. “எக்ஸ்ரேயில் நூல் ஒன்றும் இல்லையே” என்று நீங்கள் நினைக்கும் படத்தில் டாக்டர் பார்ப்பது வேறு. குடல் வயிற்றின் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா, அதற்குள் காற்று நீண்ட குழாய்போல இல்லாமல் காற்புள்ளி வடிவத்தில் சின்னச் சின்னக் குமிழிகளாகச் சிதறியிருக்கிறதா என்று தேடுவார். ஸ்கேனில் குடலின் கொசுவம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நூல் சிறியது, எங்கும் மாட்டவில்லை, பூனை நன்றாகச் சாப்பிடுகிறது என்றால், வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மலம் போனதும் ஒரு குச்சியால் உடைத்து நூல் வந்ததா என்று பாருங்கள். வந்த நூலை அளந்து, விழுங்கிய நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

அறுவை சிகிச்சையும் அடுத்த ஐந்து நாளும்

முதலில் ட்ரிப்ஸ் ஏற்றி நீரிழப்பைச் சரிசெய்வார்கள். மயக்கம் கொடுத்ததும் நாக்கடியில் நூல் இருந்தால் அதை விடுவிப்பார்கள். பாவாடை நாடாவின் முடிச்சை அவிழ்ப்பதுபோலத்தான், கட்டு தளர்ந்ததும் குடலின் இழுவிசை குறையும். பிறகு வயிற்றைத் திறந்து, இரைப்பையிலும் குடலிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிறு வெட்டுப் போட்டு நூலைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். “ஒரு நூலை எடுக்க ஏன் இத்தனை வெட்டு?” என்று கேட்கத் தோன்றும். ஒரே வெட்டு வழியாக முழு நீளத்தையும் இழுத்தால், நீங்கள் வீட்டில் செய்திருக்கக்கூடிய அதே தவறை டாக்டரும் செய்ததாகிவிடும். செத்துப்போன குடல் பகுதி இருந்தால் அதை வெட்டி நீக்கிவிட்டு மிச்சத்தை இணைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் மூன்று முதல் ஐந்து நாள்தான் கண்டம். குடல் தையல் விட்டுப்போனால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் விடும். நேற்று கொஞ்சம் சாப்பிட்ட பூனை இன்று மறுத்தால், மறுபடி கக்கினால், காய்ச்சலடித்தால், வயிறு உப்பினால், அன்றே திரும்பப் போங்கள். ‘ஆபரேஷன் ஆன களைப்பு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். களைப்பு நாளுக்கு நாள் குறையும், தையல் விட்டது நாளுக்கு நாள் கூடும்.

சாப்பாட்டை டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து மென்மையானதாக, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிடட்டும் பார்க்கலாம் என்று நாள் கணக்கில் பட்டினி போடவும் கூடாது. குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, பட்டினியால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். கழுத்துக் கூம்பை 10 முதல் 14 நாள் கழற்ற வேண்டாம். வயிற்றுத் தையலும் ஒரு நூல்தான். கூம்பு இல்லாவிட்டால் பூனை முதலில் அதைத்தான் கடித்து இழுக்கும்.